மெழுகுவர்த்தி, டம்ளர், தண்ணீர்: சிறுவர் சோதனை வீடியோவில் எச்சரிக்கையை எந்த இடத்தில் சொல்வது?

தேன்சிட்டு | 4 மார்ச் 2024, இரவு 9.40

எட்டு வயதிலிருந்து பதினொரு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்காக ஒரு அறிவியல் சோதனை வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். எல்லோருக்கும் தெரிந்த சோதனைதான். தட்டில் கலர் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் தீ அணைந்து தண்ணீர் உள்ளே ஏறும். நாலு நிமிடம். தொடக்கம் இப்படி வைத்திருக்கிறேன்:

"குழந்தைகளே! இந்தச் சோதனையைப் பெரியவர்களின் மேற்பார்வையில் மட்டுமே செய்ய வேண்டும். தீயைக் கையாளும்போது மிகுந்த கவனம் தேவை. கண்ணாடிப் பொருட்களை எச்சரிக்கையாகப் பயன்படுத்தவும். சரி, இப்போது சோதனைக்குப் போகலாமா?"

எங்கள் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்து முழு ஸ்கிரிப்டையும் வாசித்துக் காட்டினேன். சோதனையை அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள், தண்ணீர் என்ன கலர் என்பது வரைக்கும். எச்சரிக்கையில் ஒன்றுகூட யார் வாயிலிருந்தும் வரவில்லை. நீட்டினால் சலித்துவிடுகிறது, வெட்டினால் பெற்றோர் கேட்பார்கள். கதையோடு கதையாக எப்படிச் சொல்வது?

வெண்பலகை | 4 மார்ச் 2024, இரவு 11.15

நீங்கள் எச்சரிக்கை சொல்லும்போது பிள்ளையின் கண்ணில் தீயே இல்லை. தட்டு இல்லை, டம்ளர் இல்லை. "கவனம் தேவை" என்ற சொல் போய் ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லாததால் உதிர்ந்துவிடுகிறது. தீ வரும்போது அதைப் பற்றிய வார்த்தை தீர்ந்து ஒரு நிமிடம் ஆகியிருக்கிறது.

நான் ஸ்கிரிப்ட் எழுத உட்காருவதற்கு முன் சோதனையை வாய் பேசாமல் செய்து பார்ப்பேன். கை எங்கெல்லாம் போகிறது என்று மட்டும் ஒரு தாளில் எழுதுவேன். இந்தச் சோதனையில் கை மெழுகுவர்த்தியைத் தட்டில் ஒட்டுகிறது, தீக்குச்சியை உரசுகிறது, எரிந்த குச்சியை எங்கோ வைக்கிறது, டம்ளரைக் கவிழ்க்கிறது, பிறகு எடுக்கிறது. எச்சரிக்கை என்று நீங்கள் எழுதிய எல்லாமே இந்த ஐந்து இடங்களில் ஏதோ ஒன்றுக்குச் சொந்தமானது. அந்தந்த இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். தொடக்கத்தில் எதுவும் மிஞ்சாது.

இரண்டாவது, "கவனமாக இரு" என்பதைக் கேட்ட பிள்ளை கையால் என்ன செய்யும்? எதுவும் செய்ய முடியாது. "முடியைப் பின்னால் கட்டிக்கொள்" என்றால் கை தலைக்குப் போகும். கேமராவில் பிடிக்க முடிகிற செயலாக மாறாத எச்சரிக்கையை நான் வைப்பதில்லை.

வெண்பலகை | 4 மார்ச் 2024, இரவு 11.32

ஒரு உதாரணம் கொடுக்காமல் தூங்கப் போக மனமில்லை. வீடியோவில் பேசுவது ஒரு சித்தியும் ஒரு சிறுமியும் என்று வைத்துக்கொள்வோம்.

*சித்தி தன் முடியைச் சுருட்டி கிளிப் போடுகிறார். சிறுமி பார்க்கிறாள்.*
"ஏன் சித்தி, தலைவாரப் போறீங்களா?"
"இல்லடா. தட்டைப் பார்க்கக் குனிவோம்ல, அப்ப முடி முன்னாடி விழும். கீழே தீ இருக்கும். நீயும் கட்டு."
*சிறுமி கட்டுகிறாள். துப்பட்டா நாற்காலியில் தொங்குகிறது.*

துப்பட்டாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை பாருங்கள். நாற்காலியில் தொங்குவது தெரிந்தால் போதும். காரணத்தை ஒருமுறை முடிக்குச் சொல்லியாயிற்று, துணிக்கும் அதே காரணம்தான்.

ஓசூர் அப்பா | 5 மார்ச் 2024, காலை 7.05

இந்த மாதிரி வீடியோவே வேண்டாம் என்கிறேன். என் பையன் சோடா உப்பும் வினிகரும் கலந்து எரிமலை செய்யும் வீடியோ பார்த்தான். அதில் பாட்டிலுக்கு மூடி இல்லை. இவன் மூடி போட்டு இறுக்கிக் குலுக்கினான். மூடி தெறித்துப் போய் டியூப்லைட் உடைந்தது. முகத்தில் பட்டிருந்தால்? வீடியோவில் "பெரியவர்கள் உதவியுடன்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். அது உதவி ஆகுமா ஆகாதா என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

தேன்சிட்டு | 5 மார்ச் 2024, காலை 8.20

சார், பையனுக்கு ஒன்றும் ஆகவில்லையே? நான் கேட்டது வீடியோ வேண்டுமா வேண்டாமா என்பது இல்லை. எப்படி எழுதுவது என்றுதான்.

வெண்பலகை | 5 மார்ச் 2024, காலை 10.50

ஓசூர் அப்பா சொன்னதை ஒதுக்கிவிடாதீர்கள் தேன்சிட்டு, உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதில் இருக்கிறது. அந்த வீடியோவில் யாரும் மூடி போடவில்லை. போடக்கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. சோதனை பிடித்துப்போன பிள்ளைக்கு அடுத்து வரும் கேள்வி "மூடினா என்ன ஆகும்?" என்பதுதான். அது தப்பான கேள்வி இல்லை, நல்ல கேள்வி. எழுதியவர் அதை எதிர்பார்த்திருக்க வேண்டும். "உள்ளே காற்று பொங்கிட்டே இருக்கு, அது வெளியே போக வழி வேணும், அதான் வாயைத் திறந்தே வைக்கிறோம்" என்ற ஒரே வாக்கியத்தில் அறிவியலும் வந்துவிடும், எச்சரிக்கையும் வந்துவிடும்.

மெழுகுவர்த்திச் சோதனையில் பிள்ளை அடுத்து என்ன செய்து பார்க்கும்? டம்ளருக்குப் பதில் பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டிக் கவிழ்க்கும். ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்று வைக்கும். இரண்டுக்கும் ஸ்கிரிப்டில் இடம் வேண்டும்.

"மேற்பார்வை" பற்றி அவர் சொன்னதும் சரி. பக்கத்து அறையில் அப்பா இருப்பது பிள்ளைக்கு மேற்பார்வைதான். அதனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, தீக்குச்சி யார் கையில் இருக்கிறது என்று காட்டுங்கள். "தீக்குச்சி சித்தி கையில. ஊதுறது என் வேலை" என்று சிறுமி சொன்னால் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை.

மின்மினி | 5 மார்ச் 2024, மதியம் 1.30

ஸ்கிரிப்டில் விளக்கம் எங்கே? காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். மெழுகுவர்த்தி அதை எரித்துத் தீர்த்துவிடுகிறது. காலியான இடத்துக்குத் தண்ணீர் ஏறுகிறது. டம்ளரில் ஐந்தில் ஒரு பங்கு ஏறும். இதைத் தெளிவாகச் சொல்லுங்கள், பள்ளியிலும் இப்படித்தான் சொல்லித்தந்தார்கள். எச்சரிக்கையைத் திரையில் ஓடும் எழுத்தாகப் போட்டால் போதாதா?

பர்னர் | 5 மார்ச் 2024, மாலை 6.10

ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு என்பது சரி. மற்றது கண்ணால் பார்த்தாலே பொய் என்று தெரியும். டம்ளரைக் கவிழ்த்துவிட்டு எப்போது தண்ணீர் ஏறுகிறது என்று கவனியுங்கள். தீ எரியும்போது பெரிதாக ஏறாது. தீ அணைந்த பிறகுதான் சரசரவென்று ஏறும். ஆக்சிஜன் தீர்வதால் ஏறுகிறது என்றால் எரிய எரிய அல்லவா ஏற வேண்டும்?

நடப்பது இது. தீக்கு மேலே பிடிக்கும்போது டம்ளருக்குள் காற்று சூடேறி விரிகிறது, கொஞ்சம் வெளியே போய்விடுகிறது. கவிழ்த்த உடனே விளிம்பில் சில சமயம் குமிழி வரும், அது வெளியேறும் காற்று. தீ அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளியே இருக்கும் காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் முழுசாகத் தீர்வதும் இல்லை. நல்ல பங்கு மிச்சம் இருக்கும்போதே மெழுகுவர்த்தி அணைந்துவிடும்.

அதே டம்ளரில் மூன்று மெழுகுவர்த்தி வைத்தால் தண்ணீர் இன்னும் மேலே ஏறும். உள்ளே இருக்கும் ஆக்சிஜன் கூடவில்லையே?

மின்மினி | 5 மார்ச் 2024, மாலை 6.45

எரியும்போது கரியமில வாயு உண்டாகித் தண்ணீரில் கரைகிறதே, அதனாலும் ஏறும் அல்லவா?

பர்னர் | 5 மார்ச் 2024, இரவு 7.20

கரையும், மெதுவாக. நீங்கள் பார்க்கும் அந்தச் சில நொடி ஏற்றத்தில் அதன் பங்கு சின்னது.

வெண்பலகை | 5 மார்ச் 2024, இரவு 10.05

பர்னர் ஐயா, பெரிய உதவி செய்திருக்கிறீர்கள். இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பயம் தரும் இடம் டம்ளரை எடுப்பது. கவிழ்த்த டம்ளரின் அடிப்பாகம் இப்போது மேலே இருக்கிறது. தீ நேராக அதைத்தான் சுட்டது. பிள்ளை எடுக்கப் போகும்போது கை இயல்பாக எங்கே போகும்? உச்சிக்குத்தான். தீ அணைந்துவிட்டதால் ஆபத்தும் போய்விட்டது என்றுதான் பிள்ளை நினைக்கும்.

இதற்கு நான் "டம்ளர் சூடாக இருக்கும், தொடாதீர்கள்" என்று எழுதியிருப்பேன். ஆனால் ஐயா சொன்னபடி, தீ அணைந்த பிறகுதான் காட்சியே தொடங்குகிறது! காத்திருப்பதுதான் சோதனை. எனவே:

*தீ அணைகிறது. சிறுமியின் கை டம்ளரை நோக்கிப் போகிறது.*
"இரு, இரு! இப்பதான் ஆரம்பம். கையைப் பின்னாடி கட்டிக்கோ. தண்ணியை மட்டும் பாரு."
*தண்ணீர் ஏறுகிறது.*
"ஏறுது சித்தி!"
"உள்ளே இருந்த சூடான காத்து ஆறுது. ஆற ஆற அதுக்கு இடம் கம்மியாப் போதும். காலி ஆன இடத்துக்குத் தண்ணி போகுது. இந்த டம்ளரோட உச்சி இன்னும் சூடுதான். அதுவும் ஆறணும்."

தண்ணீர் ஏறுவதற்கும் டம்ளரைத் தொடக்கூடாது என்பதற்கும் காரணம் ஒன்றே: சூடு இன்னும் ஆறிக்கொண்டுதான் இருக்கிறது. பிள்ளைக்கு விளக்கம் புரிந்திருந்தால் எச்சரிக்கையும் புரிந்திருக்கும். திரையில் ஓடும் எழுத்தால் இதைச் செய்ய முடியாது மின்மினி. அதோடு, தண்ணீர் ஏறுவதைப் பார்க்கும் கண் அடியில் ஓடும் எழுத்துக்குப் போகாது.

பர்னர் | 6 மார்ச் 2024, காலை 6.00

ஒரு சேர்க்கை. டம்ளரைத் தீக்கு மேலே அதிக நேரம் பிடித்து மெதுவாக இறக்கினால் உள்ளே அதிகச் சூடான காற்று சேரும், தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். புத்திசாலிப் பிள்ளை இதைக் கண்டுபிடித்துவிடும். பிறகு தீக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நிற்கும். கண்ணாடியும் சுடும், விரலும் சுடும். மெல்லிய கண்ணாடி என்றால், சூடானபின் குளிர்ந்த தண்ணீரில் பட்டதும் விரிசல் விடலாம். கனமான டம்ளர், அதன் உயரத்தில் பாதிக்குக் குறைவான மெழுகுவர்த்தி. பக்கவாட்டில், விளிம்புக்கு அருகே பிடித்து, ஒரே மூச்சில் இறக்க வேண்டும்.

கத்தரி | 6 மார்ச் 2024, மதியம் 12.15

எடிட்டிங் பக்கத்திலிருந்து. நீங்கள் எவ்வளவு அழகாக எழுதினாலும் என் மேசைக்கு வந்ததும் முதலில் வெட்டுப்படுவது முடி கட்டும் ஷாட்டும் காத்திருக்கும் ஷாட்டும்தான். "இழுக்குது, வேகமாக்கு" என்பார்கள். தண்ணீர் ஏறுவதை நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டினால் காத்திருக்க வேண்டும் என்பதே போய்விடும். ஸ்கிரிப்டிலேயே "இந்த ஷாட் வெட்டாமல், வேகம் கூட்டாமல்" என்று எழுதிக் கொடுங்கள். எழுதியிருந்தால் என்னால் வாதாட முடியும்.

இன்னொன்று, முக்கியமானது. முழு வீடியோவிலிருந்து முப்பது நொடி துண்டு வெட்டி ஷார்ட்ஸில் போடுவார்கள். எதை வெட்டுவார்கள்? தீ அணைந்து தண்ணீர் ஏறும் இடத்தை. தொடக்கத்தில் வைத்த எச்சரிக்கை அந்தத் துண்டில் இருக்காது. வெண்பலகை எழுதியதுபோல் செயலுக்குள்ளேயே இருந்தால் எங்கே வெட்டினாலும் கூட வரும்.

மின்மினி | 6 மார்ச் 2024, மதியம் 12.50

அப்படியானால் பெற்றோருக்கான குறிப்பை கமெண்டில் பின் செய்து வைக்கலாமே?

கத்தரி | 6 மார்ச் 2024, மதியம் 1.05

யூடியூபில் சிறுவர்களுக்கான வீடியோ என்று குறித்துவிட்டால் கமெண்டே இருக்காது. கார்டும் எண்ட் ஸ்கிரீனும் வைக்க முடியாது. 2020 ஜனவரியிலிருந்து இப்படித்தான். பிள்ளை டிஸ்கிரிப்ஷனைத் திறந்து படிக்கப் போவதும் இல்லை. படமும் குரலும்தான் நம் கையில் இருக்கிறது.

தேன்சிட்டு | 9 மார்ச் 2024, இரவு 8.30

எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தி எழுதினேன். ஒரு பகுதி:

"தீக்குச்சி உரசறதுக்கு முன்னாடி ஃபேனை நிறுத்தணும், ஏன்னா தீ ஆடும். பக்கத்துல பேப்பர் இருக்கக்கூடாது, ஏன்னா பத்திக்கும். எரிஞ்ச குச்சியைக் குப்பையில போடக்கூடாது, ஏன்னா உள்ளே நெருப்பு இருக்கும். டம்ளரைப் பக்கத்துல பிடிக்கணும், ஏன்னா மேலே சுடும்."

மறுபடியும் பிள்ளைகளுக்கு வாசித்தேன். ஒரு பெண் குழந்தை, "இந்தச் சித்தி திட்டிக்கிட்டே இருக்காங்க" என்றாள். எங்கே கோணலாகிறது?

வெண்பலகை | 9 மார்ச் 2024, இரவு 9.45

அந்தக் குழந்தையின் காது நல்ல காது. நாலு வாக்கியமும் ஒரே சந்தத்தில் வருகிறது, நாலிலும் ஒரு "ணும்" அல்லது "கூடாது", உடனே ஒரு "ஏன்னா". இடம் சரியாகிவிட்டது, ஆனால் எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறீர்கள்.

பிரித்துப் பாருங்கள். ஃபேன் சுவிட்சைச் சித்தியின் கை அணைக்கிறது, தீச்சுடர் ஆடாமல் நிமிர்ந்து நிற்கிறது. இதற்கு வார்த்தை வேண்டாம். மேசையில் தட்டு, மெழுகுவர்த்தி, டம்ளர் தவிர ஒன்றும் இல்லை. இதற்கும் வார்த்தை வேண்டாம், ஆனால் கலை இயக்கம் பார்ப்பவருக்கு எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் அழகுக்காக ஒரு காகிதப் பூவைக் கொண்டுவந்து வைப்பார்கள். எரிந்த குச்சியை அதே தட்டுத் தண்ணீரில் போடுங்கள், "உஸ்" என்று சத்தம் வரட்டும், சிறுமி சிரிக்கட்டும். அந்தச் சத்தத்தைப் பிள்ளை மறக்காது, வீட்டில் செய்தாலும் அந்தச் சத்தத்துக்காகவே குச்சியைத் தண்ணீரில் போடும்.

வாயால் சொல்ல வேண்டியது மூன்றே: முடி ஏன், தீக்குச்சி யார் கையில், டம்ளரின் உச்சி ஏன் சூடு. இவை மூன்றும் பார்த்து மட்டும் புரிந்துகொள்ள முடியாதவை. உச்சி சுடுவது கண்ணுக்குத் தெரியாது அல்லவா?

வெண்பலகை | 10 மார்ச் 2024, காலை 6.20

இரவு யோசித்ததில் ஒன்று மாறுகிறது. தீக்குச்சி யார் கையில் என்பதைக் கதையில் கரைக்கக்கூடாது என்று படுகிறது. மற்ற எச்சரிக்கைகள் சோதனை செய்கிற பிள்ளைக்கு. இது மட்டும் சோதனை தொடங்கலாமா கூடாதா என்பதையே முடிவு செய்வது. பேச்சு ஓட்டத்தில் நழுவிவிட்டால் மற்ற எதுவும் பயனில்லை. அதனால் அந்த ஒரு இடத்தில் பின்னணி இசையை நிறுத்திவிட்டு, சித்தி கேமராவைப் பார்த்து நேராகச் சொல்லட்டும்: "உங்க வீட்டுலயும் குச்சி உரசறது பெரியவங்க. அவங்க வந்து உட்கார்ற வரைக்கும் தீப்பெட்டி மேசைக்கு வராது." அவ்வளவுதான். உடனே இசை திரும்பட்டும். எல்லாம் இயல்பாக ஓடும்போது ஒன்று மட்டும் நின்று ஒலித்தால் அது தங்கும்.

வார்டு நம்பர் 4 | 10 மார்ச் 2024, மதியம் 3.00

செவிலியர். இரண்டு விஷயம் யாரும் சொல்லவில்லை.

ஒன்று, சானிடைசர். கையில் தடவி ஈரம் காயாமல் தீக்குச்சி உரசினால் கை பற்றிக்கொள்ளும். அந்தச் சுடர் வெளிச்சத்தில் சரியாகக் கண்ணுக்குத் தெரியாது. வீடியோ தொடக்கத்தில் "கை சுத்தம் பண்ணிக்கலாம்" என்று பாட்டிலை அழுத்துவதை நிறைய பார்க்கிறேன். இந்த வீடியோவில் சோப்பும் தண்ணீரும்தான் காட்ட வேண்டும்.

இரண்டு, சுட்டுவிட்டால் என்ன செய்வது? எங்களிடம் வரும் குழந்தைகளின் கையில் பற்பசை, பேனா மை, இட்லி மாவு எல்லாம் அப்பியிருக்கும். குழாயில் ஓடும் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் வைக்கக்கூடாது. கொப்புளத்தை உடைக்கக்கூடாது. இதையும் ஸ்கிரிப்டில் சேருங்கள்.

தேன்சிட்டு | 10 மார்ச் 2024, இரவு 7.10

அக்கா, சானிடைசர் என் மண்டையில் தட்டவே இல்லை, முதல் ஷாட்டே அதுதான் வைத்திருந்தேன். நன்றி. முதலுதவியைச் சேர்த்தால் வீடியோ பயமுறுத்தாதா?

வெண்பலகை | 10 மார்ச் 2024, இரவு 8.40

பயமுறுத்தாமல் சொல்ல ஒரு வழி: மேசைக்குப் பொருட்களை எடுத்து வைக்கும்போதே ஒரு வாளித் தண்ணீரும் வரட்டும். சிறுமி, "தட்டுக்கு இவ்வளவு தண்ணியா?" என்று கேட்கட்டும். "இது தட்டுக்கு இல்ல. எங்கயாவது சுட்டுச்சுன்னா உடனே கையை இதுல விட்டுட்டு, அப்படியே குழாய்க்கு ஓடறோம். பற்பசைக்கு ஓடறது இல்ல." பொருட்களின் பட்டியலில் வாளியும் ஒரு பொருள். வீட்டில் செய்யும் பிள்ளையும் பட்டியலைப் பார்த்துத்தான் எடுத்து வைக்கும்.

இருபது நிமிடம் என்பதை அங்கே சொல்வதா என்பதில் எனக்கு உறுதி இல்லை. எட்டு வயதுக்கு அது பெரியவர்கள் செய்யும் வேலை. "குழாய்த் தண்ணீர், பெரியவரைக் கூப்பிடு" என்ற இரண்டோடு நிறுத்தலாம் என்று தோன்றுகிறது.

வார்டு நம்பர் 4 | 10 மார்ச் 2024, இரவு 9.15

ஒப்புக்கொள்ள மாட்டேன். வீடியோ பார்ப்பது பிள்ளை மட்டும் இல்லை, கூட உட்காரும் அம்மாவும்தான். பற்பசை அப்புவது பிள்ளை இல்லை, பெரியவர்கள்தான். இருபது நிமிடம் என்ற எண் வீடியோவில் இருக்க வேண்டும்.

பர்னர் | 11 மார்ச் 2024, காலை 5.50

வாளி இருக்கட்டும். ஆனால் ஒரு காரியம்: மெழுகுவர்த்தியைத் தட்டில் ஒட்ட, உருகும் சொட்டுகளை விட்டு அதன்மேல் நிறுத்துவதோடு நிற்க வேண்டும். சிலர் மெழுகைக் கரண்டியிலோ சட்டியிலோ போட்டு அடுப்பில் உருக்கி ஊற்றுகிறார்கள். சட்டியில் உருகிய மெழுகு பற்றிக்கொண்டால் அதன்மேல் தண்ணீர் ஊற்றுவது மிக ஆபத்து, தீ பொங்கிச் சிதறும். வாளியைக் காட்டிவிட்டு மெழுகை அடுப்பில் உருக்கிக் காட்டாதீர்கள்.

ஓசூர் அப்பா | 11 மார்ச் 2024, காலை 9.30

நான் முதலில் எழுதியதிலிருந்து முழுக்க மாறிவிடவில்லை. ஆனால் அந்தக் காத்திருக்கும் காட்சியைப் பையனுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப டம்ளரை ஃபிரிட்ஜ்ல வெச்சு எடுத்துக் கவிழ்த்தா தண்ணி இன்னும் ஏறுமாப்பா?" என்று கேட்கிறான். இதற்கு என்ன சொல்வது?

பர்னர் | 11 மார்ச் 2024, காலை 10.10

கேள்வி அருமை. ஆனால் குளிர்ந்த கண்ணாடியை நேராகத் தீக்கு மேல் கொண்டுபோனால் விரிசல் விடலாம், வேண்டாம். அதற்குப் பதில் தீயே இல்லாமல் செய்யச் சொல்லுங்கள். அப்பா சூடு தாங்கும் டம்ளரில் மிதமான வெந்நீர் ஊற்றி, கொட்டிவிட்டு, உடனே தட்டுத் தண்ணீரில் கவிழ்க்க வேண்டும். ஆறும்போது கொஞ்சம் ஏறும். மெழுகுவர்த்தி அளவுக்கு ஏறாது, ஆனால் ஏறும். ஆக்சிஜன் கதைக்கு அதுவே பதில்.

வெண்பலகை | 11 மார்ச் 2024, மதியம் 12.40

தேன்சிட்டு, இதை வீடியோவின் கடைசியில் வைத்துவிடுங்கள். மூன்று மெழுகுவர்த்தி வைத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் இங்கேதான் இடம். பிள்ளைகள் எப்படியும் கேட்கப் போகிறார்கள்.

"மூணு மெழுகுவர்த்தி வெச்சா?"
"இன்னும் ஏறும். ஏன்னு நீ சொல்லு."
"சூடு கூட!"
"ஆமா. டம்ளர் உச்சியும் மூணு மடங்கு கவலை. அதனால அதை நான் செஞ்சு காட்டறேன், நீ எவ்வளவு ஏறும்னு டம்ளர்ல முன்னாடியே கோடு போட்டு வை."

பிள்ளைக்கு ஊகிக்கும் வேலை, பெரியவருக்குத் தீ வேலை. "செய்யாதே" என்று அடைத்துவிட்டால் தனியாகச் செய்யும்.

பிளாஸ்டிக் பாட்டிலுக்கு, டம்ளரை எடுத்து வைக்கும்போதே ஒரு வரி போதும்: "கண்ணாடிதான் வேணும். பிளாஸ்டிக் இந்தச் சூட்டுல இளகிடும்."

பர்னர் | 11 மார்ச் 2024, மதியம் 1.15

"மூணு மடங்கு" என்று எழுதாதீர்கள். சூடு அப்படிக் கணக்காக ஏறாது. "இன்னும் சூடாகும்" போதும்.

வெண்பலகை | 11 மார்ச் 2024, மதியம் 1.20

சரி ஐயா. "டம்ளர் உச்சியும் இன்னும் சூடாகும்."

தேன்சிட்டு | 17 மார்ச் 2024, இரவு 9.00

ஸ்கிரிப்ட் முடிந்தது. இந்த முறை பிள்ளைகளிடம் எச்சரிக்கையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "நாளைக்கு உன் ஃபிரெண்டுக்கு இதைச் செய்யச் சொல்லிக்கொடுக்கணும், எனக்குச் சொல்லிக்காட்டு" என்று மட்டும் கேட்டேன். முடி கட்டுவது எல்லோருக்கும் வந்துவிட்டது. குச்சியைத் தண்ணீரில் போடும் "உஸ்" வந்தது, அதை நடித்தே காட்டினார்கள். தீப்பெட்டி பெரியவர் கையில் என்பதும் வந்தது. டம்ளரைப் பக்கவாட்டில் பிடிப்பது மட்டும் பாதிப் பேருக்கு வரவில்லை. கையால் காட்டச் சொன்னால் உச்சியைத்தான் பிடிக்கிறார்கள்.

வெண்பலகை | 17 மார்ச் 2024, இரவு 10.10

கேட்ட விதம் மிகச் சரி. "என்னென்ன கவனம் வேணும்?" என்று கேட்டிருந்தால் பள்ளிக்கூடப் பதில்தான் வந்திருக்கும்.

டம்ளர் விஷயத்துக்கு வார்த்தை போதாது, கைக்குப் பழக்கம் வேண்டும். தீ பற்ற வைப்பதற்கு முன், அணைந்த மெழுகுவர்த்தியின்மேல் சிறுமி ஒருமுறை ஒத்திகை பார்க்கட்டும்: பக்கவாட்டில் பிடி, இறக்கு, கையை எடு. டம்ளரின் கீழ்ப்பாதியில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிடுங்கள், "விரல் இதுக்கு மேல போகாது" என்று. குளோஸ்-அப்பில் அது நன்றாகத் தெரியும். தண்ணீர் எதுவரை ஏறியது என்று பார்க்கவும் அதே ரப்பர் பேண்ட் உதவும்.

கத்தரி | 17 மார்ச் 2024, இரவு 10.45

ரப்பர் பேண்ட் சிவப்பாக இருக்கட்டும், தண்ணீர் நீலமாக. ஒரே கலரில் வைத்தால் திரையில் கலந்துவிடும். ஒத்திகை ஷாட்டுக்குப் பன்னிரண்டு நொடி தருகிறேன், அதற்குமேல் கேட்காதீர்கள்.

வார்டு நம்பர் 4 | 18 மார்ச் 2024, காலை 7.40

இருபது நிமிடம் உள்ளே இருக்கிறதா இல்லையா?

தேன்சிட்டு | 18 மார்ச் 2024, காலை 8.15

வாளிக் காட்சியில் சித்தி சொல்வதில் இல்லை அக்கா. கடைசியில் படத்திலேயே பெற்றோருக்கான எழுத்துக் காட்சியாகக் குரலோடு வைத்திருக்கிறேன். வெண்பலகை அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள் என்கிறார், கத்தரி ஷார்ட்ஸில் வராது என்கிறார். வாளிக் காட்சியில் ஒரு டேக் எண்ணோடும் ஒரு டேக் எண் இல்லாமலும் எடுக்கப் போகிறேன். இரண்டையும் பிள்ளைகளும் அம்மாக்களும் சேர்ந்து பார்க்கட்டும், அதன்பிறகு இங்கே எழுதுகிறேன்.